மருதமுனைக்குப் போன வடைமாலை

புது மருமகள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதி மானம் தப்பும். நான் மூடவில்லை. டில்லியில் படித்துவிட்டுப் பாண்டிருப்புக்கு வாழ்க்கைப்பட்டவள் (திமிர் சொல்ல வேண்டுமா!), ராம நவமியன்றே மாமியிடம் அறிவித்தேன்: "மாமி, வாற பௌர்ணமிக்கு அனுமன் ஜெயந்தி. வடைமாலை நம்மட உபயம்."

"இப்பவா பிள்ளை?" என்றார் மாமி.

"ஓம் மாமி. டில்லியில ஊரே கொண்டாடும்."

மாமி நம்பிவிட்டார். தெருவுக்கெல்லாம் சொல்லியும் விட்டார். உளுந்து அரைத்து, மிளகு போட்டு, வெங்காயமில்லாமல் நூற்றெட்டு வடை. அதைக் கோர்த்துக்கொண்டு பௌர்ணமியன்று மத்தியானம் கோயிலுக்குப் போனால், ஆஞ்சநேயர் சன்னதி பூட்டு!

ஐயர் மாலையைப் பார்த்தார், பிறகு மாமியை. "ஜெயந்தி மார்கழியிலயெல்லோம்மா? அமாவாசையும் மூல நட்சத்திரமும் பார்த்துத்தானே நாம வைக்கிற."

"டில்லியில..." என்று இழுத்தேன்.

"அங்க சரிதான் பிள்ளை. ராம நவமி வளர்பிறை நவமி, அது எல்லாருக்கும் ஒண்டுதான். அனுமன் பிறந்த திதிக்குத்தான் இடத்துக்கொரு வழக்கம். வடக்க சைத்திரப் பௌர்ணமி. அவங்க மாதத்தைச் சந்திரனைப் பார்த்து எண்ணுற, நாம சூரியனைப் பார்த்து. அதால அவங்கட சைத்திரம் நம்மட பங்குனியிலேயே துவங்கிரும். ஆந்திராக்காரர் அந்தப் பௌர்ணமியில விரதம் துவங்கி, வைகாசித் தேய்பிறைத் தசமியில முடிப்பாங்க. கன்னடத்தில அவங்கட மார்கழி வளர்பிறைத் திரயோதசி. ஒருத்தரும் பிழையில்ல."

(ஒருத்தரும் பிழையில்லையாம். என்னைத் தவிர!)

"இப்ப சாத்தேலாதா?" என்றார் மாமி.

"இந்தச் சன்னதிக்குச் சனிக்கிழமைதான் பூசை. அண்டைக்குப் புதுசாச் சுட்டுக் கொண்டாங்க."

மாமி மாலையைச் சுருட்டிக் கூடைக்குள் வைத்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இனி இந்த வீட்டில் என் பேச்சை யாரும் மதிக்கப் போவதில்லை என்றே பட்டது. வீட்டுக்கு வந்து, என்னோடு வங்கியில் வேலை செய்யும், பக்கத்து ஊர் மருதமுனை பரீனாவுக்குப் போன் எடுத்து அழுதேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "படைச்சிட்டீங்களா?"

"இல்லடி, சன்னதியே திறக்கல்ல."

"அப்ப வெறும் வடைதானே! எங்களுக்கு நோன்பு. வாப்பா பள்ளிவாசல் கஞ்சிக்கு வடை தேடித் திரியிறார். பாங்கு சொல்ல முன்னம் கொண்டு வாடி!"

அவ்வளவுதான், உயிர் வந்தது. மாமியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பரீனா வீட்டுக்குப் பறந்தேன். பாங்கு கேட்டதும் எல்லாரும் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தார்கள், பிறகு வடைக்குக் கை நீண்டது. பரீனாவின் வாப்பா ஒன்றைக் கஞ்சியில் தோய்த்து வாயில் போட்டு, "மாஷா அல்லாஹ், மிளகு வடைண்டா இதுதான்! யார் சுட்ட?" என்றார்.

மாமியின் முகத்தில் அன்று காலைக்குப் பிறகு முதல் சிரிப்பு. "நான்தான். ஆனா நாள் குறிச்சது மருமகள்."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், அவ்வளவு நிம்மதி.

இப்போது மார்கழியில்தான் மாலை கோர்க்கிறோம். கோர்க்குமுன் ஒரு சட்டி வடையை மாமி தனியே எடுத்து வைத்து மூடிவிடுவார். "அனுமனுக்கு முந்தி மருதமுனைக்கு. சாமிக்குப் படைச்ச பிறகு அவங்களுக்குக் குடுக்கேலாதெல்லோ" என்பார். வடை கிடைத்ததும் பரீனாவின் வாப்பா போனில் கேட்பது ஒரே கேள்விதான்: "மகள், இண்டைக்காவது பிறந்திட்டாரா?"