நிபந்தனைகளுக்கு உட்பட்டு

மூன்றாவது நிபந்தனைக்கும் அவர்கள் சரி சொல்லிவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரி டைரக்டர் போனில் சொன்னபோது, கணக்கு டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான்காக மடித்த கணவரின் சட்டையை எட்டாக மடித்தார்.

"நல்ல சேதிதானே?" என்றார் கணவர்.

"என்ன நல்ல சேதி? அவங்க ஓடிப்போகணும்னுதான் நிபந்தனையே போட்டேன்."

நுரையீரல் வார்டுக்கு ஸ்கேன் மெஷின் வாங்க ஒரு சுகாதார அறக்கட்டளை பெரிய தொகை தர முன்வந்திருந்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அதன் ஆண்டறிக்கையைப் புரட்டினால், மொத்தமும் ஒரு சிகரெட் கம்பெனியில் போய் நின்றது. அறங்காவலர்களில் பாதிப் பேர் கம்பெனி இயக்குநர்கள். வாங்கலாமா என்று ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு எழுத்தில் பரிந்துரைக்க வேண்டும். முடிவெடுப்பது நிர்வாகக் குழு.

மெஷின் தன் வார்டுக்கு வருவதால் நுரையீரல் டாக்டர் தானாக விலகிக்கொண்டார். மற்ற டாக்டர்கள் ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவர்கள். குழுவில் மிஞ்சிய ஒரே வெளியாள் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவர் எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றார் டைரக்டர். உண்மைதான். ஊரில் பாதிப் பேர் அவரிடம் பெருக்கல் படித்தவர்கள்.

டீச்சர் இரு பக்கமும் எழுதினார். வாங்கலாம் என்பதற்கு: ஸ்கேனுக்கு நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கூடாது என்பதற்கு: நோயைத் தருகிற கை நன்கொடையால் நல்ல பெயர் வாங்கும். புகையிலைப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பல மருத்துவ இதழ்கள் வெளியிடுவதில்லை. ஏழை நோயாளிகளுக்கு இலவச மருந்து தரும் புற்றுநோய்ச் சங்கமும் கையை விரித்துவிடலாம். ஆகவே, வேண்டாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் டீச்சர் வேலை பார்த்த காலத்தில் யாருக்கும் முட்டை போட்டதில்லை. விடை தப்பானாலும் வழிமுறைக்கு மார்க் உண்டு. அந்தப் பழக்கத்தில் கீழே ஒரு வரி சேர்த்தார்: கட்டடத்தில் பெயர் கூடாது, படமும் விளம்பரமும் கூடாது, மெஷின் வாங்குவதிலும் ஆராய்ச்சியிலும் தலையிடக் கூடாது என்ற மூன்றுக்கும் இணங்கினால் மறுபரிசீலனை செய்யலாம்.

மூன்றுக்கும் இணங்கிவிட்டார்கள்.

"வேணாம்னு ஒரு வார்த்தை எழுத உனக்கு என்ன கேடு?" என்றார் கணவர்.

"கேட்டதெல்லாம் செஞ்சவனுக்கு எப்படிங்க முட்டை போடறது?"

நான்காவதாக ஒன்று போட்டார். நன்கொடையில் பத்தில் ஒரு பங்கில் ஆஸ்பத்திரி ஒரு புகைநிறுத்த சிகிச்சைப் பிரிவு நடத்தும். எந்த சிகரெட் கம்பெனி இதற்குத் தலையாட்டும் என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். பத்தில் ஒன்று போதாது, ஐந்தில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பணம் சிகரெட் கம்பெனியுடையது என்பது உட்பட, பரிந்துரை முழுவதையும் எழுதியவர் கையெழுத்தோடு ஆஸ்பத்திரி பகிரங்கமாக வெளியிடும். வெட்கம் என்று ஒன்று இருந்தால் இதைப் படித்ததும் ஓடிவிடுவார்கள்.

மற்றவற்றுக்கு ஒரு நாளாவது யோசித்தார்கள். இதற்கு அரை மணியில் சம்மதம் வந்தது. கையெழுத்து தெளிவாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்களாம்.

இனி மறுக்கக் காரணம் இல்லை. 'வேண்டாம்' என்பதை அடித்துவிட்டு, 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஏற்கலாம்' என்று எழுதினார். டைரக்டர் அறையில் தெளிவாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நிர்வாகக் குழு அன்றே ஏற்றது. புற்றுநோய்ச் சங்கம்கூட, டீச்சரே சொன்ன பிறகு எங்களுக்கென்ன என்றுவிட்டது.

வெளியே வந்தபோது வாசலில் நின்ற பெரிய கார் ஒன்றின் டிரைவர் ஓடி வந்து கும்பிட்டான். பழைய மாணவன். வகுத்தல் கடைசிவரை வராதவன். இப்போது அந்தக் கம்பெனியில்தான் வேலையாம். பரிந்துரையின் நகல் வாங்க அனுப்பியிருக்கிறார்களாம்.

"நகல் எதுக்குடா அவங்களுக்கு?"

"இன்னும் ஆறு ஊர் ஆஸ்பத்திரில காட்டணுமாம் டீச்சர்."

டீச்சர் ஒரு படி இறங்கி அவன் அருகில் வந்தார்.

"ஏன்டா, நான் போட்ட நிபந்தனைக்கு ஒண்ணுக்குக்கூட அவங்க மூஞ்சியச் சுளிக்கலியா?"

"எதுக்குச் சுளிக்கணும்? கட்டடத்துல எங்க பேரு எதுக்கு, அந்தப் பேப்பர்ல டீச்சர் பேரு இருந்தாப் போதும்னு எங்க முதலாளி மொத நாளே சொல்லிட்டாரே."