தண்ணீரைத் திருப்பிக் கேட்ட வட்டில்காரர்

சூரியனே ஒரு நாள் தாமதமாக உதித்திருந்தாலும் எங்கள் வட்டில்காரர் நியாயம் கேட்காமல் விட்டிருக்க மாட்டார்.

புதுச்சத்திரத்துப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்காலில் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று அளப்பது அவர் வேலை. அடியில் ஊசித்துளை போட்ட செம்பு வட்டிலைத் தொட்டியில் மிதக்க விடுவார். அது நிறைந்து முழுகினால் ஒரு நாழிகை. கல்யாணத்துக்கும் வட்டிலோடுதான் வருவார். "தாலி கட்ட மூணு வட்டிலு தாமசமுங்க" என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே சொல்வார். என் மாமியார் என்னைத் திட்டி ஓய்ந்ததும் வேலிக்கு அப்பாலிருந்து "ஒண்ணரை வட்டிலுங்க!" என்று குரல் வரும்.

நான் வாக்கப்பட்டு வந்த இரண்டாம் வருஷம், எழுதப் படிக்க ஆசை என்றேன். மாமனார் யோசித்து, "விசயதசமியன்னிக்கு ஆரம்பி. அன்னிக்கு உட்டா அடுத்த வருசந்தான்" என்றார். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாளிலிருந்து ராத்திரிக்கு ஒரு புளியங்கொட்டை, சுவரில் விளக்கு வைக்கும் பிறையில் வைத்தார். ஒன்பது சேர்ந்தால் மறுநாள் தசமி. அது அவர் கணக்கு.

எட்டுக் கொட்டை சேர்ந்த மறுநாள் காலையே, எனக்குச் சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியாரம்மா வந்து நின்றார்.

"இன்னைக்குத் தசமிங்க. மத்தியானம் நான் ஆத்தூருக்கு மாத்தலாகிப் போறேன்."

மாமனார் ஏருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நவமி, ஆயுத பூசை. கொட்டையை எண்ணிப் பாருங்க."

"ஊரே நேத்துக் கும்பிட்டுருச்சுங்களே?"

"ஊருக்கு எண்ணத் தெரியாது!"

நான் ஓடிப்போய் வட்டில்காரரைக் கூட்டி வந்தேன்.

"பெரியவரே, சூரியன் உதிக்கையில எந்தத் திதி நிக்குதோ அதுதான் அந்த நாளு. நாளுக்கு அறுபது நாழிகை. திதி சில சமயம் அம்பத்தஞ்சுலயே முடிஞ்சுரும். அஞ்சாம் நாளு உதிச்சு ஒரு நாழிகை கழிச்சு சஷ்டி வந்துச்சு, அடுத்த உதயத்துக்கு நாலு நாழிகை இருக்கையிலயே போயிருச்சு. கோயில்ல பஞ்சாங்கம் வாசிச்சாங்க. நானும் வட்டிலு போட்டுப் பாத்தேன். சூரியனைப் பாக்காத திதிக்கு நாளு கிடையாதுங்க. ஆறாம் நாளே சப்தமி, நேத்து நவமி, இன்னிக்குத் தசமி."

"அப்ப என்ற ஒரு ராத்திரி எங்க?"

"எட்டு ராத்திரிக்குள்ள ஒம்பது திதியும் அடங்கிருச்சுங்க. சில வருசம் திதி நீண்டு பத்து ராத்திரியும் வரும்."

"உன்ற ஓட்டை வட்டிலு பொய் சொல்லுது!"

வட்டில்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரிங்க. போன வாரம் உங்க நெல்லுக்குப் பத்து நாழிகைத் தண்ணியின்னு இதே வட்டிலுதான் சொல்லுச்சு. பொய்யின்னா தண்ணியைத் திருப்பி உடுங்க."

மாமனார் பச்சைப் பசேலென்று நின்ற வயலைப் பார்த்தார். வட்டிலைப் பார்த்தார். பிறகு ஒன்பதாவது கொட்டையைத் தானே எடுத்துப் பிறையில் வைத்தார்.

"உக்காரு, அம்மிணி."

தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, வாத்தியாரம்மா என் விரலைப் பிடிக்க, 'அ' எழுதினேன். கோணல்தான். ஆனால் அந்த வீட்டில் ஒரு பெண் எழுதிய முதல் எழுத்து அது. இன்று எழுத்துக் கூட்டிக் கூட்டியாவது உங்களுக்கு நானே எழுதுகிறேன்.

வட்டில்காரர் போகாமல் நின்றார். அரிசியையே பார்த்தார். "இதென்னங்க எழுத்து?" என்று மெதுவாகக் கேட்டார். திதிக்கு வழக்காடி ஜெயித்த மனிதருக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உக்காருங்கண்ணா" என்று தாம்பாளத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.