ஒரு வருடத்தில் இரட்டிப்பு

கணக்கு வாத்தியாரை ஏமாற்றுவது சுலபம். தன்னை யாராலும் ஏமாற்ற முடியாது என்று அவரே நம்பிக்கொண்டிருப்பார்.

பணி ஓய்வு பெற்ற மறு வருடம், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, "சார், உங்ககிட்டதான் பத்தாவது படிச்சேன்" என்று ஒருவன் காலில் விழுந்தான். பெயர் தினகர். முகம் எனக்கு நினைவில்லை. (முதல் சந்தேகம். கும்பிட்ட கையைப் பார்த்து அதை விட்டுவிட்டேன்.)

கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி எண்ணெய் ஏற்றுமதி செய்கிறானாம். மூன்று லட்சம் கொடுத்தால் மாதம் ஐம்பதாயிரம், பன்னிரண்டு மாதத்தில் ஆறு லட்சம்.

"ஏங்க, இவ்ளோ லாபம் வர்றவன் பேங்க்ல கம்மி வட்டிக்கு கடன் வாங்காம நம்மகிட்ட ஏன் வர்றான்?" என்றாள் என் மனைவி கௌரி.

"உனக்கு பிசினஸ் புரியாது."

கொடுத்தேன். இரண்டு மாதம் பணம் சரியாக வந்தது. முதல் ஆறு மாதமும் அவன் தருவது என் சொந்தப் பணம்தான் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. அது எனக்கு உறைக்கவில்லை.

"நீங்க சொன்னா நாலு பேரு நம்புவாங்க சார். ஆள் சேர்த்தா அஞ்சு பர்சன்ட் கமிஷன்" என்றான். நண்பர் சம்பத்தை, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியரை, சேர்த்துவிட்டேன். அவரும் மூன்று லட்சம் ரொக்கமாகக் கொடுத்தார். ரப்பர் பேண்ட் பிடிக்காத மனிதர், கட்டுகளைப் பழைய ஓவியத் தாளை நறுக்கிச் சுற்றியிருந்தார்.

அன்று மாலையே தினகர் வந்து என் மாதப் பணத்தையும் கமிஷனையும் நீட்டினான். கட்டைச் சுற்றியிருந்த தாளில் பாதி மயில்.

"ஏன்டா, இது சம்பத் சார் பணமாச்சே?"

"பணம்னா ரொட்டேஷன்தானே சார்!" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாக வருகிறவன் பணத்தை எடுத்துப் பழையவனுக்கு லாபம் என்று கொடுக்கிறான். ஆள் வருவது நின்றால் எல்லாம் நின்றுவிடும். பணம் வாங்கியபோது அவன் எழுதிக் கொடுத்த பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். 'கைமாற்றுக் கடன்' என்று மட்டும் இருந்தது, இரட்டிப்பு பற்றி ஒரு எழுத்தும் இல்லை. மறுநாள் சம்பத்தோடு வேங்கிக்காலில் இருந்த அவன் ஆபீசுக்குப் போய், "மணிலா குடோனைக் காட்டு" என்றேன்.

"சாவி பார்ட்னர்கிட்ட இருக்கு சார்."

"பொதுமக்கள்கிட்ட டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கா?"

"நம்பிக்கை இல்லன்னா எப்படி சார்?"

அங்கிருந்து நேராகப் போலீசுக்குப் போனோம். புகார் எழுதுகையில் அதிகாரி நிமிர்ந்து, "நீங்க என்ன பாடம் எடுத்தீங்க சார்?" என்றார். "வரலாறு" என்று சொல்லிவிட்டேன்.

தினகரைப் பிடித்தார்கள். அவன் வங்கிக் கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. வழக்கு நடக்கிறது. கடைசியாக வந்த பணத்தையும் கமிஷனையும் சம்பத்திடமே கொடுத்தேன். மீதியைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் குத்துகிறது.

கௌரி மட்டும் விடுவதாயில்லை. காலையில் இட்லி மாவு பொங்கி வழிந்தால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "ஏங்க, ஒரே நைட்ல டபுள் ஆயிடுச்சி. இன்னும் மூணு லட்சம் போடட்டுமா?"