மேலூருக்கு மட்டும் ஆறு மழை

யாருமே தோற்கக் கூடாது என்று நெஞ்சார நம்பிய மனிதர் மதுரையில் ஒருவர்தான். பழங்காநத்தத்தில் நகலெடுக்கும் கடை வைத்திருந்த அவரை நாங்கள் எல்லோரும் ஜெராக்ஸ் அண்ணே என்றே அழைத்தோம்.

கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்ததும் கடைத் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். "ரெண்டு பேரும் நல்லாத்தான வெளையாண்டாய்ங்க, போதும்" என்பார். யார் முதலில் வந்தது என்று இரண்டு பேர் சண்டையிட்டால், இருவரின் தாள்களையும் கண்ணாடியில் அருகருகே வைத்துச் சுருக்கி, ஒரே பக்கத்தில் எடுத்துக் கொடுப்பார். ஒருவருடைய ஆதார் அட்டை இன்னொருவருடைய சாதிச் சான்றிதழோடு தாலுகா அலுவலகம் வரை போய்த் திரும்பியிருக்கிறது.

எங்கள் வீட்டு நிலவரம் வேறு. விளாங்குடியில் கீழ்த்தளத்தில் நாங்கள், மாடியில் என் கொழுந்தன் கண்ணனும் அவன் மனைவி செல்வியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரு வீட்டுக்கும் ஒரே உலை. கேரம் பலகையில் ஒரு சிவப்புக் காய் விழுந்ததா இல்லையா என்ற வழக்கில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். ஆறு மாதமாக இரண்டு உலை. அந்த ஞாயிற்றுச் சாப்பாட்டை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று நானும் செல்வியும் தீர்மானித்தோம்.

விஷயம் அறிந்ததும் ஜெராக்ஸ் அண்ணே தானே வரைந்து, நகலெடுத்து, வெட்டிய ஒரு விளையாட்டைப் பெட்டியோடு தந்தார். "இதுல யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது தங்கச்சி. ஜெயிச்சா நாலு பேரும், தோத்தா நாலு பேரும். எதிராளி மழதான்" என்றார். அந்த உறுதிமொழியின் பேரில் ஆண்கள் இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்தபடி வந்து உட்கார்ந்தார்கள்.

பலகையில் சாலைகளால் இணைந்த பன்னிரண்டு ஊர்கள். ஊருக்கு ஒரு கண்மாய். ஒவ்வொருவரும் தம் முறையில் மூன்று வேலை செய்யலாம், ஒரே வேலையை மூன்று தடவையும் செய்யலாம்: பக்கத்து ஊருக்கு நகரலாம், நீருக்கு அடையாளமான நீலப் பொத்தான் ஒன்றை எடுத்துவிடலாம், அதே ஊரில் நிற்பவருக்கு ஒரு வண்ணச்சீட்டைக் கொடுக்கலாம். ஒரே நிறத்தில் நான்கு சீட்டுச் சேர்ந்தால் அந்த நிறத்து மடை ஒன்று சீராகும். முறை முடிந்ததும் தமக்கு ஒரு வண்ணச்சீட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு மழைச்சீட்டுகளைத் திருப்ப வேண்டும். சீட்டில் உள்ள ஊருக்கு ஒரு பொத்தான். மூன்று பொத்தான் உள்ள ஊரில் நான்காவது விழுந்தால் கரை உடைந்து, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று. மூன்று மடையும் சீரானால் எல்லோருக்கும் வெற்றி. ஐந்து கரை உடைந்தாலோ, அதற்குள் மழைச்சீட்டு தீர்ந்தாலோ எல்லோருக்கும் தோல்வி.

முதல் ஆட்டத்தில் மழை தொடங்குமுன்பே என் கணவர் பொதுப்பணித்துறையாக மாறிவிட்டார். நீ அங்கே போ, நீ இதை எடு என்று நால்வர் முறையையும் அவரே ஆடினார். தோற்றதும் கண்ணன் சுவரைப் பார்த்து, "எல்லாத்தையும் ஒராளே ஆடுறதுக்கு நாங்க எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மாடியேறினான்.

ஜெராக்ஸ் அண்ணே இதைக் கேட்டுக் கலங்கவில்லை. விதித்தாளில் ஒரு வரி சேர்த்தார்: வண்ணச்சீட்டுகளை மறைத்தே வைத்திருக்க வேண்டும், முறைக்குரியவர் கேட்டாலொழிய யாரும் யோசனை சொல்லக் கூடாது, முடிவு அவருடையதே.

அடுத்த ஞாயிறு வாயைப் பொத்திக்கொண்டு என் கணவர் பட்ட பாட்டை வருணிக்க இயலாது. இரண்டு மடை சீராகிவிட்டது, பச்சை மட்டும் பாக்கி. நான்கு கரை உடைந்துவிட்டது. மேலூரில் மூன்று பொத்தான். அங்கே நின்ற கண்ணன் தன் கைச்சீட்டை நெடுநேரம் பார்த்தான். பிறகு தலை நிமிராமலே கேட்டான்.

"அண்ணே, என்ன செய்யலாம்?"

செல்வி என் கையைப் பற்றினாள்.

"எங்கிட்ட பச்ச ஒன்னு இருக்கு" என்றார் என் கணவர். "ஒனக்கு எம்புட்டு வேணும்?"

"ஒன்னுதான்."

"அப்ப மேலூர விட்டுட்டு நான் நிக்கிற ஊருக்கு வந்துரு. மூணு எட்டுதான். அடுத்தது என் முறை, குடுத்துர்றேன். மேலூருக்குத்தான் மழ அஞ்சு தடவ வந்துருச்சே. இனியுமா வரும்?"

கண்ணன் மூன்று எட்டு வைத்து வந்து சேர்ந்தான். மழைச்சீட்டைத் திருப்பினான். மேலூர்.

எல்லோரும் தோற்றோம். கண்ணன் மறுபடி மாடியேறிவிடுவானோ என்று நான் படியையே பார்த்தேன். என் கணவர் மட்டும் விதித்தாளை எடுத்துப் படித்தார்: ஊருக்கு மூன்று மழைச்சீட்டு. பிறகு சீட்டுக்கட்டை எண்ணினார். மேலூருக்கு மட்டும் ஆறு. மேலூர்ச் சீட்டுகள் இருந்த தாளை ஜெராக்ஸ் அண்ணே இருமுறை நகலெடுத்திருக்கிறார்.

"வண்டிய எடுறா" என்றார். ஒரே வண்டியில் இருவரும் சண்டைக்குப் போனார்கள்.

கடை வாசலில் ஜெராக்ஸ் அண்ணே குற்றச்சாட்டை முழுவதும் கேட்டாராம். பிறகு, "அப்பத் தோத்ததுக்கு நாந்தான காரணம்? ஒங்க ரெண்டு பேர்ல யாரும் இல்லையில்ல?" என்று மட்டும் கேட்டாராம்.

கைத்தவறா, கணக்கிட்ட தவறா என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. உபரிச் சீட்டு மூன்றையும் நாங்கள் எடுத்துப்போடவும் இல்லை. இப்போது ஞாயிறுதோறும் மேலூர் உடைகிறது; நால்வரும் ஒரே குரலில் அவரைத் திட்டுகிறோம்; அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறோம்.