எங்கே என்று மட்டும் கேட்டவர்

"எங்கே" என்று வந்திருந்தது. அவ்வளவுதான். முன்னால் ஒரு 'சார்' இல்லை, பின்னால் ஒரு கேள்விக்குறி இல்லை.

பீளமேட்டில் ஒரு மெஸ்ஸின் பார்சல் கவுன்ட்டரில் நின்றிருந்த டெலிவரிக்காரர் சுப்பண்ணன், வேறு ஏதாவது வந்திருக்கிறதா என்று போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆர்டரை ஏற்று நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு எலுமிச்சை சாதம். வாடிக்கையாளர் பெயர் தேவானந்தம். இடம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு புது லே-அவுட். அதற்குள் என்ன எங்கே?

வேறு வாரமாக இருந்தால் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஆனால் கம்பெனியிலிருந்து போன வாரம்தான் செய்தி வந்திருந்தது. இரண்டு புகார் ஆகிவிட்டது. மூன்றாவது வந்தால் ஆப்பில் அவருடைய ஐ.டி.யை முடக்கிவிடுவார்களாம். ஐ.டி. போனால் நாற்பத்தெட்டு வயதில் மச்சினனின் பம்புசெட் பட்டறைக்குத்தான் போக வேண்டும். மச்சினன் நல்லவன்தான். காலை எட்டு மணிக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் சோறு மெல்லும்போதுகூட நிறுத்த மாட்டான் என்பது ஒன்றுதான் குறை.

"ஏனுங்க அம்மணி, இதுக்கு என்னங்க பதில் போடறது?" என்று கவுன்ட்டரில் இருந்த ஹரிதாவிடம் போனை நீட்டினார்.

"எங்கன்னு கேட்டா, இருக்கற எடத்தைச் சொல்லிப்போடுங்கண்ணா."

"என்னோட வண்டி எங்க போகுதுன்னு அவரு போன்லயே படம் ஓடுமில்ல? அப்பறம் எதுக்குக் கேக்கறாரு? திருப்பிக் கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"கஸ்டமர் கேள்வி கேட்டா நீங்க எதிர்க்கேள்வி கேப்பீங்களாண்ணா? மரியாதையா இருக்குமா?"

அது சரிதான் என்று சுப்பண்ணனுக்கும் பட்டது. கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை. "ஓட்டல்லதானுங்க சார்" என்று அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. "எங்கே".

நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். மெஸ்ஸின் பெயர்ப் பலகை, அதன் கீழே தொங்கும் வாழைத்தார் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். பார்சல் வந்ததும் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ஹோப் காலேஜ் சிக்னலில் நிற்கும்போது போன் மறுபடி 'டிங்' என்றது. "எங்கே".

வண்டி ஓட்டிக்கொண்டே பதில் அடிக்கிற ஆள் இல்லை அவர். பச்சை விழுந்ததும் சிக்னலைத் தாண்டி ஓரங்கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்ணாடியைத் தேடி மாட்டினார். "ஹோப் காலேஜ் சிக்னலுங்க சார்" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து அனுப்பி நிமிர்வதற்குள் இரண்டு நிமிஷம் போய்விட்டது.

காமராஜர் ரோட்டில் திரும்பியதும் மறுபடியும் "எங்கே". மறுபடியும் ஓரம், ஹெல்மெட், கண்ணாடி. "ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பக்கமுங்க சார்".

இப்படிப் பதில் சொல்லிச் சொல்லியே நேரம் ஓடியது. சேர வேண்டிய நேரத்தைக் காட்டும் எண் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. சாமியே, மூணாவது புகாரு இதுதான் போலிருக்கே என்று முனகிக்கொண்டே வண்டியை முடுக்கினார்.

அந்த லே-அவுட் ஒரு பழைய மில் இருந்த இடம். இப்போது ஆறு தெருக்கள், ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி சாம்பல் நிற கேட். பெயர்ப் பலகை மட்டும் எதிலும் இல்லை. மேப்பில் குத்தியிருந்த புள்ளி நான்காம் தெரு முனையைக் காட்டியது. சுப்பண்ணன் சரியாக அந்த இடத்தில் நின்றார். அங்கே ஒரு மின்கம்பமும் அதன் நிழலில் படுத்திருந்த ஒரு நாயும்தான் இருந்தன.

'வந்து சேர்ந்தேன்' என்ற பட்டனைத் தள்ளிவிட்டு ஆப் வழியாகவே அழைத்தார். பிஸி. மறுபடி அழைத்தார். மறுபடியும் பிஸி.

கம்பெனிக்குச் செய்தி போட்டார். வாடிக்கையாளரைக் காணவில்லை என்று ஒரு கட்டத்தைத் தட்டினால் பத்து நிமிஷக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அது முடிந்தால் ஆர்டர் ரத்து. அப்புறம் தப்பு யாருடையது என்று விசாரிப்பார்கள். அந்த விசாரணையில் தன் பக்கம் தீர்ப்பாகி சுப்பண்ணன் பார்த்ததில்லை.

ஏழு நிமிஷம் மிச்சமிருந்தபோது 'டிங்'. "எங்கே".

"நீங்க சொன்ன எடத்துலதானுங்க சார்".

"எங்கே".

நான்கு நிமிஷம். சுப்பண்ணன் முழுத் தெருவையும் நடந்து பார்த்தார். மூன்று நிமிஷம். மச்சினனின் குரல் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. மரியாதையாவது ஒன்றாவது என்று துணிந்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாடிக்கையாளரை எதிர்க்கேள்வி கேட்டார்.

"நீங்க எங்கீங்க சார்?"

இந்தத் தடவை பதில் கொஞ்சம் நீளமாக வந்தது.

"அதையேதான் நானும் முக்கால் மணி நேரமா கேக்கறேன்."

சுப்பண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஹாரனை விடாமல் அழுத்தியபடி தெருத் தெருவாக வண்டியை விட்டார். ஆறாம் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்கதானுங்களா எலுமிச்சை சாதம்?"

"சாதம் கெடக்கட்டுமுங்க தம்பி. மொதல்ல இது எந்த எடம்னு சொல்லுங்க!"

சுப்பண்ணன் ஒரு நிமிஷம் மிச்சமிருக்கையில் 'டெலிவரி முடிந்தது' என்று தள்ளிவிட்டு, அப்படியே வண்டி மேல் சாய்ந்துகொண்டார். உயிர் திரும்பி வந்தது.

"மக லின்சி இங்கதான் புது ஊடு வாங்கியிருக்கா. இன்னைக்கு பாதர் வந்து ஊட்டை மந்திரிக்கறாரு. ஆட்டோக்காரன் எங்கியோ எறக்கி உட்டுட்டுப் போயிட்டான்" என்றார் தேவானந்தம். "இதுல ஆர்டர் பண்ணினா நாம எங்க இருந்தாலும் தேடி வந்துருவாங்கன்னு லின்சி சொல்லியிருந்தா. அதான் பண்ணினேன். எங்க இருக்கறேன்னு உங்ககிட்டக் கேட்டா, ஓட்டல்லங்கறீங்க. தெருத் தெருவா நடந்து பாத்தேன், ஓட்டலே இல்ல."

"அது நான் இருந்த எடமுங்க சார்!"

"அப்பறம் ஹோப் காலேஜ்னீங்க. அடக் கடவுளே, ஹோப் காலேஜ் இப்படியா மாறிப்போச்சுன்னு நானும் நம்பிப்போட்டேன். மக ஊட்டுல இருந்த ஊட்டுக்காரிக்குப் போன் போட்டு அங்க வரச் சொன்னேன். அப்பறம் ஈ.எஸ்.ஐ.ன்னீங்க. அதையும் சொன்னேன்."

அதனால்தான் போன் பிஸி. சுப்பண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஏனுங்க சார், ரோட்டுல போறவங்க ஒருத்தர்கிட்ட வாயத் தொறந்து கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"கேக்க மாட்டேன்" என்றார் பெரியவர் தீர்மானமாக. "இந்த எடத்துல நான் வழி கேட்டா மானம் போயிரும். உங்களுக்கு அஞ்சு ஸ்டாரு போட்டறேன், இத யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

ஐந்து ஸ்டார் என்றதும் சுப்பண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. பெரியவரின் மனைவியை அழைத்து, சரியான தெருவைத் தானே சொன்னார். கால் மணி நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பட்டுச் சேலையோடு இறங்கிய அவர் மனைவி அற்புதத்தின் முகம் வெயிலிலும் கோபத்திலும் சிவந்திருந்தது.

"ஹோப் காலேஜ் போனேன், ஈ.எஸ்.ஐ. போனேன், பாதர் அங்க தீர்த்தத்தோட ஒரு மணி நேரமா உக்காந்திருக்காரு! மக ஊடு ரெண்டு தெரு தள்ளி இருக்குது, மனுசன் இங்க நின்னுட்டு ஊரையே சுத்த உட்டாரே!"

பெரியவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஐந்து ஸ்டார் போடப்போகிற கை வேறு. சுப்பண்ணன் நடுவில் புகுந்தார்.

"உடுங்கக்கா. சாரு இந்தப் பக்கத்துக்குப் புதுசு போல, வழி தெரியலீங்க."

"புதுசா?" என்றாள் அற்புதம். "இதே சிங்காநல்லூர்ல முப்பத்தஞ்சு வருசம் ஊடு ஊடாத் தபால் குடுத்தவருங்க இவரு!"