சலவைக்கடைக்காரரின் மன்னிப்பு

மூன்று நாளாக அவர் மனைவி ஒரு மெசேஜைப் படித்துக்கொண்டிருந்தாள். காபி குடிக்கும்போது படித்தாள். விடைத்தாள் திருத்தும்போது நடுநடுவே படித்தாள். படித்துவிட்டு ஒரு மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கடைசியாகப் பார்த்தது கல்யாண ஆல்பத்தில்.

எழுதியது யார்? தெருமுனைச் சலவைக்கடைக்காரர்.

"அப்படி என்னதான் எழுதியிருக்கான் அந்த மனுஷன்?" என்றார் அவர்.

மூன்று நாளாக அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவள், இதைப் படித்துக் காட்ட மட்டும் வாயைத் திறந்தாள்.

"'டீச்சரம்மா, உங்க நீல ஷாலை நான்தான் கெடுத்தேன். குளிர்ந்த தண்ணின்னு லேபிள்ல இருந்துச்சு. நான் படிக்காம சுடுதண்ணியில போட்டேன். மெஷின் மேல தப்பு இல்ல. பரிசு வாங்கற அன்னிக்குப் போட நீங்க ஆசையா வச்சிருந்தது. இப்ப அது பொம்மைக்குத்தான் பத்தும். அதே நீலத்துல வேற தேடிட்டு இருக்கேன். கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் வெள்ளிக்கிழமை சொல்லிடறேன். இனிமே லேபிளைச் சத்தமா படிச்சுட்டுத்தான் துணியை உள்ள போடுவேன். உங்களுக்குக் கோவம் இருந்தா அது நியாயம்தான்.'"

படித்து முடித்துப் பெருமூச்சு வேறு விட்டாள். அவருக்கு வயிறு எரிந்தது. துணியைச் சுருக்கியவனுக்குப் பெருமூச்சு. கட்டின புருஷனுக்கு மௌனம்.

காரணம் இல்லாமல் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டில், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு ஜோக் அடித்தார். மனைவி நாலாவது தடவையாக டிரைவிங் டெஸ்டில் தோற்ற கதை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பள்ளியில் நல்லாசிரியர் பரிசு. கணக்கு டீச்சராக இருபத்திரண்டு வருஷம். முன்வரிசையில் உட்கார அவளுக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு அழைப்பிதழ். அது ஃபிரிட்ஜ் கதவில், பெயர் எழுதாமல், காந்தத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது அவரைப் பார்த்தது.

மன்னிப்புதானே? அவர் தொழிலே அதுதானே! வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார்ப் பிரிவு. ஒரு நாளைக்கு அறுபது மன்னிப்புக் கடிதம் எழுதுகிறவர். ஆபீசில் அவருக்கு 'வருந்துகிறோம் சார்' என்றே பெயர். ஒரு சலவைக்காரன் தன்னை முந்துவதா? மறுநாள் மதியம், ஆபீசிலிருந்தே விரலைச் சொடுக்கி எழுதி அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் அந்த மெசேஜ் தாளில் எழுதப்பட்டு, சிவப்புப் பேனாவால் ரத்தக் களறியாகக் கிடந்தது.

"உக்காருங்க," என்றாள் டீச்சர். "'ஞாயிறன்று விளையாட்டாகக் கூறப்பட்டது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால்.' யார் கூறினது? கூறினவரையே காணோம். தப்பாப் புரிஞ்சுக்கிட்டது நான். அப்ப தப்பு என் மேல. சரியா?"

"அப்படி இல்ல..."

"'தங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருக்குமாயின்.' ஏற்பட்டுச்சா இல்லையான்னே உங்களுக்குச் சந்தேகம். நாலு நாளா எதிர்ல உக்காந்து உப்புமா சாப்பிடறீங்க."

"அது ஒரு மரியாதைக்கு..."

"'ஆனால் குடும்பம் என்றால் கேலி சகஜம்.' இந்த 'ஆனால்' வந்ததும் முன்னாடி எழுதினதெல்லாம் அழிஞ்சு போச்சு. கடைசியா, 'வருந்துகிறோம்'. எத்தனை பேருங்க வருந்தறீங்க? மத்தவங்க எல்லாம் எங்க?"

பத்துக்கு ஒன்று போட்டிருந்தாள். அந்த ஒன்றும் கையெழுத்துக்காம். தாளில் எழுதிய கையெழுத்தும் அவளுடையதே.

அவர் நேரே சலவைக்கடைக்குப் போனார், சண்டை போடத்தான். கடைக்காரர் ஒரு சட்டையின் லேபிளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "நாற்பது டிகிரி, பிழியாதே!" சொன்னதை ஆள் செய்கிறான். இது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வாங்க சார். டீச்சரம்மா இல்லைன்னா எனக்கு எழுதவே தெரிஞ்சிருக்காது. முதல்ல நான் அனுப்பினது வேற. என் மெஷின் கெட்டப்ப ஒரு கம்பெனிக்காரன் எனக்கு அனுப்பின கடுதாசியைப் பார்த்துக் காப்பி அடிச்சேன். அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. 'நடந்ததை நடந்தபடி எழுதுங்க'ன்னு ஒரே வரி."

சுவரில் அந்தக் கடிதம் ஒட்டியிருந்தது. 'தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' கீழே அவருடைய கையெழுத்து.

அவர் தன் கையெழுத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சண்டை போட வந்தவருக்கு அப்போதுதான் யோசனை உதித்தது. முள்ளை முள்ளாலேயே எடுத்துவிடலாம்!

"எனக்கு ஒண்ணு எழுதித் தாங்களேன்," என்றார், குரலைத் தாழ்த்தி.

"என்ன பண்ணீங்க சார்?"

"கார் ஓட்டத் தெரியலைன்னு நாலு பேர் முன்னாடி கிண்டல் பண்ணேன். அவ்வளவுதான்."

கடைக்காரர் தயங்கித் தயங்கி எழுதிக் கொடுத்தார். அருமையாக வந்தது. 'நான்தான்' இருந்தது. 'ஆனால்' இல்லை. வீட்டு வாசலில் நின்றே அனுப்பிவிட்டு, ஹாலுக்குள் நுழைந்து வெற்றி வீரன் போல உட்கார்ந்தார்.

அவள் படித்தாள். முகம் மாறவில்லை.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. ஆனா வேற ஆளோட சட்டை."

"ஏன்? எல்லாம் இருக்கே!"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறது ஊருக்கே தெரியும். அதுக்கு யாருங்க கோவப்படுவா? டெஸ்ட்ல தோத்துட்டு, காரை ஓரமா நிறுத்தி, கண்ணாடியை ஏத்திவிட்டு நான் அழுதேன். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அதைத்தான் அங்க அழுது நடிச்சே காட்டினீங்க."

கடைக்காரரிடம்கூட அதைச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பது போல அவர் செய்து காட்டியதும், எதிரே அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"நீ நம்பிச் சொன்னதை நான் சிரிப்பு வாங்கறதுக்காக வித்துட்டேன்," என்றார். "நீ சிரிக்கலைன்னு பார்த்தேன். பார்த்தும் நிறுத்தல. உன் தங்கச்சிக்கு இப்பவே போன் போட்டு, நான் பண்ணினது கேவலம்னு சொல்றேன். இனிமே நீ எங்கிட்ட சொல்றது என்னோட நிக்கும். நீ உடனே மன்னிக்கணும்னு இல்ல."

போனும் போட்டார். ஸ்பீக்கரில் சொன்னார். மச்சினி இரண்டு வார்த்தை திட்டினாள். வாங்கிக்கொண்டார்.

மனைவியின் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, தாளில் ஒன்பது என்று போட்டாள்.

ஒன்பது! சலவைக்காரனுக்கு என்ன போட்டாளோ? அவருக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப அழைப்பிதழ் எனக்குத்தானே?"

பேனா அப்படியே நின்றது. பிறகு ஒன்பதை அடித்துவிட்டு ஆறு போட்டது.

"மன்னிக்கணும்னு இல்லைன்னு இப்பத்தான் சொன்னீங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகல, பலனைக் கேக்கறீங்க."

"என்னை மன்னிச்சியா இல்லையா?"

"மன்னிச்சுட்டேன். அது வேற, இது வேற. அழைப்பிதழ்ல காலையிலேயே பேர் எழுதிட்டேன்."

அவர் ஓடிப்போய் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தார். அழகான கையெழுத்தில் சலவைக்கடைக்காரரின் பெயர்.

"அப்ப ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லையா?"

"ஏன் இல்லாம? பத்து மணிக்கு அவர் கடைக்கு வண்டியை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க," என்றாள் அவள். "பாவம், அவருக்கும் ஓட்டத் தெரியாது."