கமிஷன் வாங்காத பாட்டி

"பாட்டி இன்னும் விலையே சொல்லலையே?" என்றார் ஊறுகாய்க் கம்பெனி முதலாளியம்மா.

விளம்பரம் எழுத வந்தவன் தலையைச் சொறிந்தான். ஜாடியின் கழுத்தில் தொங்கும் அட்டைக்கு ஒரு குட்டிக் கதை, அதுதான் வேலை. சரக்கு நகர்ந்தால் அவன் நிரந்தரம். நகராவிட்டால் அவன் நகர வேண்டியதுதான்.

கதையில், தனிக்குடித்தனம் போன பேத்தி போனில் எலுமிச்சை ஊறுகாய்ப் பக்குவம் கேட்கிறாள். பாட்டி சொல்கிறாள்: "பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு நறுக்கு. உப்புப் போட்டு, தோல் மெத்துனு ஆகுற வரைக்கும் தினம் குலுக்கி வெயில்ல வை. அப்புறம் மிளகாய்த்தூள். காய்ச்சி ஆறின எண்ணெய் பழத்துக்கு மேல நிக்கணும்."

"என் ஜன்னல்ல வெயிலே வராதே பாட்டி!"

"அப்ப கடையில வாங்கிக்கோடி. ஈரக் கரண்டி மட்டும் போட்டியோ, பூசணம் பிடிச்சுடும்!"

கடைசி வரியில்தான் ஜாடி மேஜைக்கு வருகிறது. கீழே பொடி எழுத்தில், 'இது கற்பனைக் கதை'.

"கம்பெனி பேரு அஞ்சு தடவை வரணும்."

"ஒண்ணு போதும்மா. கூவிக் கூவி வித்தா ஜனங்க காதைப் பொத்திக்குவாங்க."

"உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். மூணு!"

மூன்று தடவை கம்பெனி பெயரும், ஒரு தடவை தள்ளுபடியும் சொன்னாள் பாட்டி. ஜாடிக்கு மூடி போடும் அக்காவிடம் வாசித்துக் காட்டினார்கள்.

"பேத்திகிட்டயே கமிஷன் அடிக்குதா இந்தக் கிழவி?"

முதலாளியம்மா அசரவில்லை. "அப்ப பாட்டியைச் சாகடி. அழுதுட்டே வாங்குவாங்க."

சாகடித்தான். அக்கா மூடியைக் கீழே வைத்தாள். "ஐயையோ, செத்தவங்க போட்ட ஊறுகாயா? எப்பப் போட்டதோ!"

வேறு வழியின்றிப் பாட்டிக்கு உயிர் வந்தது, தள்ளுபடி போனது, பழைய கதையே அச்சுக்குப் போனது. அட்டை மாட்டிய ஜாடிகள் சோதனைக்காகத் தெருமுனைக் கடைக்கு மட்டும் போயின.

வாரக் கடைசியில் கடைக்காரர் போன் பண்ணினார். முதலாளியம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா எழுதி வச்சிருக்கீங்க? வர்றவங்க எல்லாம் கரண்டி கேக்குறாங்க! மரக்கரண்டி காலி, ஸ்டீல் கரண்டியும் காலி!"

முதலாளியம்மாவின் முகம் மிளகாய்த்தூள் நிறத்துக்குப் போனது. "ஊறுகாயை விக்கச் சொன்னா, எவனோ செஞ்ச கரண்டியை வித்துக் கொடுத்திருக்கியே, மகராசா!"

அவன் பேனாவை மூடிப் பைக்குள் போட்டான்.

"அண்ணாச்சி, அந்த அட்டையைப் பிச்சுப் போட்டுட்டு ஜாடியை எல்லாம் திருப்பி அனுப்பிடுங்க" என்றார் முதலாளியம்மா.

"எந்த ஜாடியை அனுப்ப? அதை வாங்கிட்டுப் போனவங்கதானேம்மா இப்பக் கரண்டிக்குத் திரும்பி வர்றாங்க!"